தர்பூசணித் தோலும் ஐஸ் கட்டியும்

தர்பூசணியின் தோலை யாரும் தின்பதில்லை. அதனால் அதைக் கழுவ வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் மண்ணில் கிடந்து, லாரியில் உருண்டு வந்த தோலில் கிருமிகள் ஒட்டியிருக்கும். வெட்டும்போது கத்தி அவற்றைச் சதைக்குள் இழுத்துச் செல்கிறது. இனிப்பும் ஈரமும் புளிப்பின்மையும் உள்ள அந்தச் சதையில், வெயில் நேரத்தில் அவை வேகமாகப் பெருகும். வெட்டிய பிறகு கழுவிப் பயனில்லை.

தள்ளுவண்டிக்காரரிடம் இருப்பது இரண்டு கேன் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம். பழங்களைக் குழாய் உள்ள இடத்திலேயே ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து ஏற்றிவிட வேண்டும். கேன் தண்ணீரைக் கைக்கும் கத்திக்கும் பலகைக்கும் மட்டும் ஒதுக்கலாம். வாளியில் முக்காமல், கேனின் குழாயைத் திறந்து கழுவினால் குறைந்த நீரே போதும். ஒரே வாளியில் டம்ளர்களை முக்கி எடுப்பது ஒருவர் வாய்க் கிருமியை அடுத்தவருக்குக் கொடுப்பதாகும். தண்ணீர் போதாத கடைக்குக் காகிதக் கோப்பையே நல்லது.

உறைந்தால் கிருமி செத்துவிடாது. உறங்கியிருந்து, ஐஸ் உருகியதும் விழிக்கும். மீனைப் பதப்படுத்தும் பாளம் ஐஸ் குடிப்பதற்கானது அல்ல. உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் சேர்க்கவேண்டும் என்ற விதி 2018-இல் வந்தது. நிறமில்லை என்பதாலேயே ஐஸை நம்பிவிட முடியாது. சாக்கில் சுற்றி, தரையில் வைத்து உடைத்தால் அதை ஜூஸில் போடவேண்டாம்; ஜூஸ் பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிரூட்டலாம்.