ஐந்து நாள் என்றால் எந்த ஐந்து நாள்?

"குழந்தை பிறந்தால் ஆண் ஊழியருக்கு, மேலாளரின் ஒப்புதலுக்கு உட்பட்டு, 5 நாள் விடுப்பு வழங்கப்படலாம்." பார்வைக்குக் குறையில்லாத விதிதான். நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஒரே கம்பெனியில் இரண்டு பேருக்கு ஒரே வியாழக்கிழமை குழந்தை பிறக்கிறது. ஒரு மேலாளர் வெள்ளியிலிருந்து சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணுகிறார். செவ்வாயோடு விடுப்பு முடிந்துவிடுகிறது. இன்னொருவர் வேலை நாளை மட்டும் எண்ணுகிறார். அடுத்த வியாழன் வரை விடுப்பு. மூன்றாவது ஊழியரின் மனைவி தாய் வீட்டில் இருக்கிறார். அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றால், "அதெல்லாம் முடியாது" என்கிறார் அவருடைய மேலாளர். மூவரும் ஒரே விதியைத்தான் காட்டுகிறார்கள்.

தந்தையர் விடுப்பைத் தனியார் நிறுவனங்கள் கொடுத்தே ஆகவேண்டும் என்று இந்தியாவில் பொதுச்சட்டம் இல்லை. கம்பெனி எழுதுவதுதான் விதி. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள்: 15 நாள், உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுக்கலாம். யாருக்கு, எத்தனை நாள், எதுவரை என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. நம் விதியையும் இப்படி மாற்றலாம்: "பிறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் 5 வேலை நாள், சம்பளத்துடன் உண்டு. இரண்டு தவணையாக எடுக்கலாம். மேலாளர் பேசித் தேதியை மாற்றலாம், மறுக்க முடியாது."

மகப்பேறு விடுப்பில் மேலாளரின் ஒப்புதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது சட்டம் தந்த உரிமை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். இதைப் பலர் "மூன்றாவது பிரசவத்துக்கு 12 வாரம்" என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். முதல் குழந்தையை இழந்து, ஒரு குழந்தையோடு இருக்கும் தாய்க்கு அது மூன்றாவது பிரசவம்தான். ஆனால் சட்டப்படி அவருக்கு 26 வாரம். அந்தச் சுருக்கம் அவரிடமிருந்து 14 வாரத்தைப் பறித்துவிடும். சட்டம் எண்ணுவது பிரசவத்தை அல்ல, உயிரோடுள்ள குழந்தைகளை. விதியிலும் அப்படியே இருக்கட்டும்.

சம்பளமில்லா விடுப்பில் சண்டை பெரும்பாலும் கணக்கில்தான். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். வெள்ளியும் திங்களும் லீவு. ஒரு நாள் சம்பளத்துக்கு 30-ஆல் வகுத்து, இடையில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்தால் பிடித்தம் 4,000. சேர்க்காவிட்டால் 2,000. வகுப்பது எந்த எண்ணால், இடைப்பட்ட விடுமுறை சேருமா என்ற இரண்டையும் ஓர் உதாரணக் கணக்கோடு எழுதிவிடுங்கள்.

விதியை வெளியிடுமுன் மேலே சொன்ன ஊழியர்களின் நிலைமையைத் தாளில் எழுதி மூன்று மேலாளர்களிடம் தனித்தனியே கொடுங்கள். விடை வேறுபடும் வரியைத் திருத்தி எழுதுங்கள்.