அழைப்பிதழில் இரண்டாம் வரி

இருமொழித் திருமண அழைப்பிதழில் ஆங்கில வரி தமிழ் வரியின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல. விருந்தினருக்கு வேண்டியது மட்டும் அதில் வருகிறது.

எடுத்துக்காட்டாக, தமிழில் இப்படி அச்சிடுவார்கள்: 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 6.00 மணிக்குமேல் 7.00 மணிக்குள் சிம்ம லக்னத்தில்.' ஆங்கில வரிக்கு 2025 ஆகஸ்ட் 29, வெள்ளி, காலை 6 முதல் 7 வரை என்பது போதும். வருடப் பெயரையும் லக்னத்தையும் ஆங்கில எழுத்தில் இட்டால் வெளியூர் நண்பர் விழிப்பார்.

தவறு பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய முகூர்த்தத்தில் நேர்கிறது. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடும். வெள்ளி அதிகாலை 4.30 மணி முகூர்த்தத்தைத் தமிழில் 'வியாழக்கிழமை பின்னிரவு, விடிந்தால் வெள்ளிக்கிழமை' என்பார்கள். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் வியாழன் தேதியைப் போட்டால், விருந்தினர் ஒருநாள் முன்னதாகவே மண்டப வாசலில் நிற்பார்.

அடைமொழிகளும் அப்படியே கடப்பதில்லை. வீட்டில் மணமாகாத பிள்ளைகள் இன்னும் இருந்தால் 'திருவளர்ச்செல்வன்', கடைசித் திருமணம் என்றால் 'திருநிறைச்செல்வன்' என்பது வழக்கம். இந்தக் குறிப்பு ஆங்கிலத்தில் இல்லை. இன்னாரின் மகன் என்று எழுதினால் சரி. தலைப்பெழுத்து மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருப்பது நல்லது.