வெள்ளைப் பின்னணியில் ஒரு கண்டாங்கி

காரைக்குடிப் பக்கத்துத் தறியிலிருந்து இறங்கிய கண்டாங்கிச் சேலை ஒன்று திண்ணையில் கிடக்கிறது. அரக்கு உடல், மஞ்சள் கட்டம், இரண்டு பக்கமும் அகலக் கரை. இதை இணையக் கடையில் ஏற்ற வேண்டுமானால் முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். அமேசான் போன்ற தளங்கள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. பின்னணி முழு வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தின் 85 விழுக்காட்டையாவது நிரப்ப வேண்டும், எழுத்தோ முத்திரையோ கூடாது.

ஸ்டூடியோ வாடகைக்குப் பயந்த சிறு கடைக்காரர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் போகிறார்கள். என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் படம் வருகிறது. அந்த நாலு வரிதான் பிராம்ப்ட்.

பலர் தடுக்கி விழுவது முதல் அடியிலேயே. ‘கண்டாங்கிச் சேலை, வெள்ளைப் பின்னணி’ என்று மட்டும் எழுதினால் அழகான சேலை ஒன்று வரும். ஆனால் அது எந்தத் தறியிலும் நெய்யப்படாத சேலை. வாங்குகிறவருக்கு அனுப்ப அது உங்கள் அலமாரியில் இல்லை. ஆகவே கைத்தறிக் கடைக்கு ஒரே வழிதான் பொருந்தும்: உண்மையான சேலையைப் படம் எடுத்து, அதைச் செயலியில் ஏற்றி, சுற்றுப்புறத்தை மட்டும் மாற்றச் சொல்வது. துணி கேமராவிலிருந்து வரவேண்டும். வெள்ளை மட்டும் பிராம்ப்டிலிருந்து வரலாம்.

இதனால் பாதி வேலை செல்பேசியைக் கையில் எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் நல்லது. டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சம் கலந்தால் அரக்கு ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் ரோஜாவாகவும் விழும். சேலைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து எடுத்தால், பிறகு நிறத்தைச் சரிபார்க்க அதுவே அளவுகோல்.

அதைவிட முக்கியம் மடிப்பு. படத்தில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே கையால் மடித்து வைத்துவிட வேண்டும்: நீள்சதுரமாக மடித்து, முந்தி மேலே, இரு கரையும் வெளியே. ‘சேலையை அழகாக மடித்துக் காட்டு’ என்று செயலியிடம் கேட்டால், புகைப்படத்தில் மறைந்திருந்த துணியை அது கற்பனையால் நிரப்பும். பூப்போட்ட துணியில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கண்டாங்கியில் தெரிந்துவிடும், ஏனென்றால் கட்டம் ஒரு கணக்கு.

இந்தச் சேலைக்கு எழுதக்கூடிய பிராம்ப்ட் இது:

```
ஏற்றிய படத்தில் உள்ள சேலையை அப்படியே வைக்கவும்.
கட்டங்களின் எண்ணிக்கை, கரை அகலம், நிறம்,
மடிப்பு, நூலின் தன்மை எதையும் மாற்ற வேண்டாம்.
பின்னணியை மட்டும் தூய வெள்ளையாக்கவும் (#FFFFFF).
சேலைக்கு அடியில் மெல்லிய நிழல் மட்டும் இருக்கட்டும்.
வேறு பொருள், எழுத்து, சட்டம் வேண்டாம்.
சதுரப் படம், சேலை நடுவில், முழுதும் தெரியும்படி.
```

மாற்றக் கூடாதவற்றை முதலில், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ‘சேலையை மாற்றாதே’ என்று பொதுவாகச் சொன்னால், கரையைக் கொஞ்சம் ஒல்லியாக்குவது மாற்றம் என்றே செயலிக்குத் தோன்றாது. ‘நூலின் தன்மை’ என்ற இரண்டு சொல்லும் வீணல்ல. கைத்தறிப் பருத்தியில் ஆங்காங்கே தடித்த நூலும் சிறு சீரின்மையும் இருக்கும். செயலிக்கு அவை குறையாகத் தெரிந்து தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், விசைத்தறித் துணிபோல ஒரு சேலை வந்து நிற்கும். கைத்தறி விலையைப் போட்டுவிட்டு அந்தப் படத்தையும் போட்டால் யார் நம்புவார்கள்?

இல்லாத சொற்களையும் பாருங்கள். ‘பாரம்பரியமான’, ‘ஆடம்பரமான’ போன்ற அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ‘பாரம்பரியம்’ என்று எழுதினால் குத்துவிளக்கும் மல்லிகைச் சரமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் பத்திரிகைக்கு அது சரி.

படம் வந்ததும் எண்ண வேண்டும். மூலப் புகைப்படத்தில் கரையிலிருந்து கரைவரை 14 கட்டங்கள் என்றால், புதிய படத்திலும் 14 இருக்கிறதா? ஒரு கோடு மடிப்பில் நுழைந்து மறுபக்கம் அதே இடத்தில் வெளிவருகிறதா, நடுவில் காணாமல் போகிறதா? இரு கரையும் முன்பிருந்த அகலத்திலேயே இருக்கின்றனவா? ஒன்று தவறினாலும் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் கேட்பது நல்லது. இரண்டு மூன்று முறையும் கட்டம் கலைந்தால், பிராம்ப்டை விட்டுவிட்டுப் பின்னணியை வெட்டி நீக்கும் சாதாரணக் கருவிக்கு மாறிவிடலாம். அது துணியைத் திரும்ப வரைவதில்லை. ஓரத்தை வெட்டுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து வெள்ளை. தூய வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. பிராம்ப்டில் அப்படியே கேட்டாலும் வருவது பெரும்பாலும் 255-க்குச் சற்றுக் குறைவான, லேசாகச் சாம்பல் ஏறிய வெள்ளை. வெறுங்கண்ணுக்கு அது வெள்ளைதான். கடைப் பக்கத்தில் மற்றப் படங்களோடு வைத்தால் சேலையைச் சுற்றி மங்கலான பெட்டி தெரியும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் நிறம் எடுக்கும் கருவியை நாலு மூலையிலும் வைத்தால் எண் வந்துவிடும். குறைந்திருந்தால் சேலையைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கிவிட்டு, பின்னணியை மட்டும் வெளுக்க வேண்டும். மொத்தப் படத்தையும் சேர்த்து வெளுத்தால் மஞ்சள் கட்டம் சந்தனமாகிவிடும், ஜரிகைச் சேலையென்றால் ஜரிகையின் மினுக்கு வெந்து வெள்ளைத் திட்டாகிவிடும்.

இந்த முறை திணறுவது வெள்ளை வேட்டியிடம். சேலத்து வெண்பட்டை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் கரை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கே பிராம்ப்டில் ஒரு வரி கூட்ட வேண்டும்: வேட்டியின் ஓரமும் மடிப்புக் கோடுகளும் மெல்லிய சாம்பல் நிழலால் பிரிந்து தெரியட்டும் என்று. அதற்கும் மூலப் படத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்து எடுத்த வேட்டியில் மடிப்பே பதிந்திருக்காது; இல்லாத நிழலைக் கேட்டால் செயலி தன் இஷ்டத்துக்கு ஒன்றை வரையும்.

கடையில் ஒரு சேலைக்கு நாலைந்து படம் போடுவது வழக்கம். மடித்த சேலைக்கும் விரித்த முந்திக்கும் இந்த பிராம்ப்ட் போதும். உடலும் கரையும் சேரும் இடத்தை நெருங்கி எடுத்த படத்தை எந்தச் செயலியிடமும் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் பின்னணியே கிடையாது, படம் முழுக்கத் துணிதான். கைத்தறியா என்று பார்க்க விரும்புகிறவர் பெரிதாக்கிப் பார்ப்பதும் அந்தப் படத்தைத்தான்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். காட்டியபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. படத்தில் இருந்த அரக்கு வந்த சேலையில் இல்லை என்று ஒருவர் திருப்பி அனுப்பினால், ‘அது செயலி செய்த வேலை’ என்ற பதில் செல்லாது. அதனால் ஏற்றிய மூலப் புகைப்படத்தை அழிக்காமல், சேலையின் எண்ணைப் பெயராகக் கொடுத்துச் சேமித்து வையுங்கள். வெள்ளைத் தாளோடு எடுத்த அந்தப் படத்தையும் கடைப் படத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் ஒருமுறை ஒப்பிட்ட பிறகே பட்டியலில் ஏற்றுங்கள்.