கொதித்தாலும் குலையாத வளையம்

சோழபுரத்துப் பக்கம் நல்ல மழை பெய்து ஓய்ந்தால், கரையான் புற்றைச் சுற்றிக் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் உண்டு. புற்றுக்காளானின் ருசி அப்படி. பறித்து வந்ததில் சந்தேகம் இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: “மஞ்சள் போட்டு நல்லா கொதிக்க விடு, விஷம் இருந்தாலும் முறிஞ்சிரும்.”

2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட பலர் திப்ரூகரின் அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 13 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். பச்சையாக யாரும் தின்னவில்லை, வீட்டில் சமைத்துத்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

கொதிக்க வைத்தால் விஷம் போகும் என்ற நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை அல்ல. வேறு உணவுகளில் அது பலித்திருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டு. திறந்த பானையில் வேகவைத்து நீரை இறுத்துவிட்டால் ஒரு பகுதி ஆவியோடும் இன்னொரு பகுதி நீரோடும் போய்விடும். ராஜ்மாவில் இருக்கும் நஞ்சு ஒரு புரதம். புரதம் என்பது நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்து மடிந்த நீண்ட சங்கிலி. அந்த மடிப்பைப் பிடித்து நிற்பவை பலவீனமான பிணைப்புகள் என்பதால், பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் மடிப்பு அவிழ்ந்து நஞ்சு செயலற்றுப் போகும்.

ஆனால் உயிரைக் குடிக்கும் காளான்களில் இருக்கும் அமடாக்சின் என்ற நஞ்சில் அவிழ்வதற்கு மடிப்பே இல்லை. அதில் மொத்தம் எட்டே அமினோ அமிலங்கள். தொடக்கமும் முடிவும் இணைந்து வளையமாகிவிட்டவை. போதாக்குறைக்கு வளையத்தின் குறுக்கே கந்தக அணு வழியாக ஒரு பாலமும் உண்டு. எல்லாம் வலுவான வேதிப் பிணைப்புகள். குழம்பு 100 டிகிரியைத் தாண்டாது, குக்கர் 120ஐ ஒட்டிப் போகும். வறுத்தாலும் காளானில் ஈரம் இருக்கும்வரை உள்ளே சூடு 100தான். இந்த வளையத்தை உடைக்க அது போதாது. காயவைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் இதே கதைதான். நீரில் கரையும் என்பதால் கொஞ்சம் குழம்பில் இறங்கும். குழம்பையும்தானே சோற்றில் ஊற்றுகிறோம்! நீரைக் கொட்டினாலும் தப்பிக்க முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் உயிரைப் பறிக்கக்கூடும் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஐரோப்பாவின் ‘மரணத் தொப்பி’ அமானிட்டா இனத்தில் நன்கு வளர்ந்த ஒரே காளானில் அவ்வளவு இருக்கலாம்.

அடுப்பை வென்ற அதே வளையம் வயிற்றையும் வெல்கிறது. செரிமான நொதிகளால் அதை வெட்ட முடிவதில்லை. முழுசாகக் குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போகிறது. பித்த உப்புகளை உள்ளே இழுக்கும் வாயில்கள் ஈரல் செல்களில் உண்டு, அவை இதையும் இழுத்துக்கொள்கின்றன. உள்ளே, மரபணுவைப் படித்து நகலெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துகளைக் கோக்கும் அந்த நொதி ஒன்றிரண்டைக் கோக்கவே தடுமாறும். புதிய புரதம் வராமல், இருக்கிற கையிருப்பில் செல் கொஞ்ச காலம் ஓட்டும். அது தீர்ந்ததும் சாகும். இதற்கிடையே பித்தத்தோடு வெளியேறும் நஞ்சு குடலிலிருந்து திரும்ப உறிஞ்சப்பட்டு மறுபடி ஈரலுக்கே வருகிறது.

அறிகுறி தாமதமாக வருவது இதனால்தான். சாப்பிட்ட பிறகு ஆறு மணி நேரத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் பேதியும் ஒரு நாள் வாட்டும். அடுத்து வருவதுதான் கொடுமை: எல்லாம் நின்று, ஆள் தேறிவிட்டதுபோல் இருக்கும். வீட்டுக்குப் போகலாமா என்றுகூடக் கேட்பார்கள். அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஈரல் நொதிகள் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். மூன்றாம் நாளுக்கு மேல் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது, நினைவு தப்பும். சிலிபினின் போன்ற மருந்துகள் கொடுக்கிறார்கள். உறுதியான முறிவு மருந்து என்று எதுவும் இல்லை. முற்றிவிட்டால் மாற்று ஈரல்தான் வழி.

பார்த்தே கண்டுபிடிக்கலாமா? அமடாக்சின் உள்ள அமானிட்டா இனங்களின் தண்டுக்கு அடியில் பை மாதிரி ஒரு உறை இருக்கும். புற்றுக்காளானில் அது இல்லை, தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கும். ஆனால் மண்ணோடு பிடுங்காமல் மேலே ஒடித்து எடுத்தால் இரண்டும் தெரியாது. லெப்பியோட்டா என்ற சிறு காளான்களில் சில இனங்களிலும் அமடாக்சின் உண்டு. அவற்றுக்கு அந்தப் பையும் கிடையாது. புல்லிலும் மக்கிய குப்பையிலும் முளைப்பவை. மஞ்சள், பூண்டு, வெள்ளிக் கரண்டி எதுவும் அமடாக்சினைக் காட்டிக்கொடுக்காது. எறும்பும் புழுவும் அரித்திருப்பதும் சான்றாகாது.

சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வாந்தி வந்தால் அது பெரும்பாலும் வேறு காளானின் வேலை. நம் புல்வெளிகளில் முளைக்கும், முற்றினால் அடிச்செதில் பச்சையாகும் வெள்ளைக் குடைக்காளான் அப்படிப்பட்டது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒரே கூடையில் இரண்டு இனமும் கலந்திருந்தால் முதல் வாந்தி ஒன்றாலும், இரண்டு நாள் கழித்து ஈரல் பாதிப்பு மற்றொன்றாலும் வரும். அதனால் சீக்கிரம் வாந்தி எடுத்தவரானாலும், ஒன்றுமே ஆகாதவரானாலும், அந்தச் சட்டியில் சாப்பிட்ட அத்தனை பேரும் மிச்சக் காளானையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.