சேமிப்புக் கணக்கில் 13.80 லட்சம் ரொக்கம்... வீடு தேடி வந்த 148ஏ வருமான வரி நோட்டீஸ்: என்ன எழுதியிருக்கு? எப்படி பதில் சொல்வது?

செல்போனுக்கு ஒரு எஸ்எம்எஸ். வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் அனுப்பப்பட்டுள்ளது என்கிறது. திறந்து பார்த்தால் நான்கு பக்க ஆங்கிலம். இதுவரை வரிக் கணக்கே தாக்கல் செய்யாத சிறு கடைக்காரருக்கு இப்படி ஒன்று வந்தால் தூக்கம் போய்விடும். "நமக்கும் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்படியே ஓரமாக வைத்துவிடுபவர்களும் உண்டு. பிரச்னை பெரிதாவது அங்கேதான்.

இப்படி வரும் நோட்டீஸ்களில் முக்கியமானது, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 148ஏ பிரிவின் கீழ் அனுப்பப்படும் நோட்டீஸ். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலில் இருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும். எனவே "இது பழைய சட்டம்தானே" என்று ஒதுக்க முடியாது.

நோட்டீஸில் என்ன எழுதியிருக்கும்?

ஆங்கில நோட்டீஸின் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"2023-24 மதிப்பீட்டு ஆண்டில், வரி விதிக்க வேண்டிய உங்கள் வருமானம் கணக்கில் வராமல் தப்பியிருக்கலாம் எனக் காட்டும் தகவல் எங்களிடம் உள்ளது. உங்கள் சேமிப்புக் கணக்கில் ரூ.13,80,000 ரொக்கமாகச் செலுத்தப்பட்டுள்ளது. அந்த ஆண்டுக்கு நீங்கள் வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை. எனவே, 148-ம் பிரிவின் கீழ் உங்களுக்கு ஏன் நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்பதற்கு, குறிப்பிட்ட தேதிக்குள் காரணம் காட்டவும்."

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. இது வரி கட்டச் சொல்லும் உத்தரவு அல்ல. "பழைய கணக்கைத் திரும்பத் திறக்கலாமா?" என்று உங்களிடமே கேட்கும் கேள்வி. இங்கே சரியான பதில் சொன்னால் விஷயம் இத்தோடு முடியலாம். பதிலே வரவில்லை என்றால், கையில் உள்ள தகவலை மட்டும் வைத்து அதிகாரி முடிவெடுப்பார். அடுத்து 148 நோட்டீஸ் வரும்.

முதல் குழப்பம்: எந்த வருஷம்?

பலர் தடுக்கி விழும் இடம் இது. 2023-24 'மதிப்பீட்டு ஆண்டு' என்றால், பணம் போட்ட காலம் 2022 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை. இது புரியாமல் 2023-24க்கான பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து அனுப்பினால், கேட்ட கேள்விக்குப் பதிலே இருக்காது.

தகவல் எப்படிப் போனது?

ஒருவர் ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் மொத்தம் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கம் செலுத்தினால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே நாளில் போட வேண்டும் என்பதில்லை. வாரம் 25,000, 30,000 என்று போட்டாலும் கூட்டிப் பார்ப்பார்கள். பணம் போட்டது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நிஜ நோட்டீஸா, மோசடியா?

மெசேஜில் வரும் லிங்க்கை அழுத்த வேண்டாம். `incometax.gov.in` தளத்துக்கு நேராகப் போனால், முகப்பிலேயே `Authenticate Notice/Order Issued by ITD` என்ற வசதி இருக்கும். நோட்டீஸின் தலைப்பில் உள்ள டிஐஎன் எண்ணைக் கொடுத்தால் அது துறை அனுப்பியதுதானா என்று தெரிந்துவிடும்.

காலக்கெடுவையும் பாருங்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டுகளுக்குள் 148ஏ நோட்டீஸ் வர வேண்டும். தப்பிய வருமானம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் 5 ஆண்டுகள் வரை வரலாம். நம் உதாரணத்தில் 2023-24 மதிப்பீட்டு ஆண்டு 2024 மார்ச் 31-ல் முடிகிறது. தொகை 50 லட்சத்துக்குக் கீழே. ஆக, 2027 மார்ச் 31 வரை நோட்டீஸ் அனுப்பலாம்.

13.80 லட்சத்தைப் பிரிப்பது எப்படி?

ஒரு உதாரணம் பார்க்கலாம். மதுரை பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர். வேறு வருமானம் இல்லை. ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு ரொக்க வரவுக்கும் பக்கத்தில் "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதிக்கொண்டே போகிறார். கடைசியில் மூன்று வகை வருகிறது.

- கடை விற்பனைப் பணம்: ரூ.8,60,000
- இதே கணக்கிலிருந்து எடுத்து, திரும்பப் போட்டது: ரூ.2,00,000
- மகள் கல்யாணத்தில் வந்த மொய்: ரூ.3,20,000

கடைப் பணம்: இது விற்பனை, லாபம் இல்லை. சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவின்படி, ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். ஆண்டின் மொத்த விற்பனையே இதுதான் என்றால், 8.60 லட்சத்தில் 8 சதவீதம் ரூ.68,800.

திரும்பப் போட்டது: மனை வாங்க அட்வான்ஸ் கொடுக்க எடுத்த பணம். பேரம் முறிந்ததால் 12 நாள் கழித்து அதே பணம் கணக்குக்கே வந்துவிட்டது. எடுத்த தேதியும் போட்ட தேதியும் ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கிறது. இது வருமானமே இல்லை. ஆனால் எடுத்ததற்கும் போட்டதற்கும் ஒன்றரை வருஷ இடைவெளி இருந்தால், அதிகாரி லேசில் நம்ப மாட்டார்.

மொய்ப் பணம்: இதில்தான் பெரிய தப்புக் கணக்கு நடக்கிறது. 'கல்யாணத்துக்கு வந்த பணத்துக்கு வரி இல்லை' என்பது பாதி உண்மை. அந்த விலக்கு கல்யாணம் செய்துகொள்ளும் மணமக்களுக்குத்தான். பெற்றோர் பெயரில் எழுதப்பட்ட மொய்க்கு அது கிடையாது.

ஆனால் பெற்றோருக்கு வேறு வழி இருக்கிறது. கூடப் பிறந்தவர்கள், மனைவியின் கூடப் பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப் பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய சொந்தங்கள் கொடுத்தால் எவ்வளவு என்றாலும் வரி இல்லை. மற்றவர்கள் கொடுத்தது ஒரு வருஷத்தில் மொத்தம் ரூ.50,000க்கு மேல் போனால், முழுத் தொகையும் வருமானம். சித்தப்பா மகன், மாமா மகன் எல்லாம் நம் வீட்டில் சொந்தம்தான், சட்டத்தின் பட்டியலில் இல்லை.

நம் கடைக்காரர் மொய் நோட்டைப் பார்த்துக் கூட்டியதில், நெருங்கிய சொந்தங்கள் தந்தது ரூ.2,10,000. மற்றவர்கள் தந்தது ரூ.1,10,000.

இப்போது வருமானம் எவ்வளவு? 68,800 + 1,10,000 = ரூ.1,78,800. அந்த ஆண்டுக்கான வரியில்லா வரம்பு ரூ.2,50,000. ஆக, வரி விதிக்க வேண்டிய வருமானம் எதுவும் தப்பவில்லை. இதுதான் அவருடைய பதில்.

விளக்கம் இல்லையென்றால் எவ்வளவு போகும்?

எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணத்துக்கு சாதாரண வரி விகிதம் கிடையாது. அந்த ஆண்டுக்கு 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். மொய் நோட்டு தொலைந்துபோய் 3.20 லட்சத்துக்கு மட்டும் விளக்கம் சொல்ல முடியவில்லை என்றாலே ரூ.2,49,600 வரி. மொத்தத் தொகைக்குமே பதில் இல்லை என்றால் ரூ.10,76,400. வட்டியும் அபராதமும் தனி.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

- 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்
- வருமான வரித் தளத்திலிருந்து எடுத்த அந்த ஆண்டின் ஏஐஎஸ் அறிக்கை. துறையிடம் உங்களைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்பது இதில் தெரியும்
- கடையின் உரிமம், மொத்தக் கடையில் சரக்கு எடுத்த பில்கள், விற்பனை நோட்டு
- மனைக்காகப் போட்ட அட்வான்ஸ் ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல்
- கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, மொய் நோட்டின் நகல். மொய் நோட்டு தமிழில்தான் இருக்கும் என்பதால், பெயர், உறவு, தொகை போட்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர்ப்பது நல்லது

இதற்கெல்லாம் மேலே ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: தேதி, தொகை, எங்கிருந்து வந்தது, ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதிகாரி முதலில் படிப்பது இதைத்தான். பட்டியலின் கூட்டுத்தொகை நோட்டீஸில் உள்ள 13,80,000 ரூபாயோடு ஒரு ரூபாய் கூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். துறை சொல்லும் தொகையே தப்பு என்றால், அதையும் ஸ்டேட்மென்ட்டோடு பதிலின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதிலை எப்படி அனுப்புவது?

1. தளத்தில் பான் எண்ணைப் பயன்படுத்தி உள்ளே போகவும். முன்பு பதிவு செய்யாதவர்கள் முதலில் பதிவு செய்ய வேண்டும்.
2. `Pending Actions` பகுதியில் `e-Proceedings` என்பதைத் திறந்தால் நோட்டீஸ் இருக்கும்.
3. கடைசித் தேதிக்குள் ஆவணம் சேராது என்று தெரிந்தால், தேதி தாண்டும் முன்பே `Seek Adjournment` மூலம் காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம்.
4. `Submit Response` அழுத்தி, விளக்கக் கடிதத்தையும் ஆவணங்களையும் ஏற்றவும். ஒரு ஃபைல் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். இன்னும் ஆவணம் வர வேண்டியிருந்தால் `Partial Response`, எல்லாம் முடிந்தது என்றால் `Full Response`.
5. அனுப்பியதும் வரும் ஒப்புகை எண்ணைச் சேமித்து வைக்கவும்.

'கைமாத்து வாங்கினேன்' என்று எழுதலாமா?

கணக்கு இடிக்கும்போது பலரும் சட்டென்று எழுதுவது, "நண்பர் 2 லட்சம் ரொக்கமாகக் கைமாத்து கொடுத்தார்" என்பது. ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவதற்கே 269எஸ்எஸ் பிரிவு தடை போடுகிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம். அதாவது, ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க எழுதிய வரியே இன்னொரு 2 லட்சத்துக்கு வழி வைக்கும். பழைய தேதி போட்டு இப்போது தயாரிக்கும் கடன் பத்திரம் இன்னும் ஆபத்து. உண்மையிலேயே கடன் வாங்கியிருந்தால், பதில் எழுதும் முன் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

அடுத்து என்ன நடக்கும்?

பதிலைப் பரிசீலித்து அதிகாரி 148ஏ(3)-ன் கீழ் உத்தரவு போடுவார். விளக்கம் ஏற்கப்பட்டால் விஷயம் அத்தோடு முடியும். ஏற்கப்படாவிட்டால் 148 நோட்டீஸ் வரும். அதில் சொன்ன காலத்துக்குள் அந்த ஆண்டுக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அப்போதும் இதே பட்டியலும் இதே ஆவணங்களும்தான் கை கொடுக்கும். அதனால் முதல் பதிலில் எழுதிய எந்த எண்ணும் பிறகு மாறாதபடி, இப்போதே சரிபார்த்து அனுப்ப வேண்டும்.