புகைப்படக் கலைஞரின் இன்வாய்ஸ்: முன்பணம், உரிமக் கட்டணம், பயணச் செலவு

தொழில் நிறுவனங்களுக்குப் புகைப்படம் எடுத்துத் தரும் கலைஞர்கள் பலரும் எங்கள் கிளைகளில் நடப்புக் கணக்கு வைத்துள்ளனர். அவர்களிடம் பணி ஒப்படைக்கும் சிறு நிறுவனங்களும் நம் வாடிக்கையாளர்களே. இவ்விரு தரப்பினருக்கும் இடையே எழும் பணச் சிக்கல்களில் பெரும்பாலானவை படத்தின் தரத்தைப் பற்றியவை அல்ல. ‘புகைப்படப் பணிக்காக’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதிய இன்வாய்ஸிலிருந்தே அவை தொடங்குகின்றன. அந்த ஒரு வரிக்குள் முன்பணம், படங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம், பயணச் செலவு என்னும் வெவ்வேறு தன்மையுள்ள மூன்று தொகைகள் மறைந்துவிடுகின்றன. அவற்றை எவ்வாறு பிரித்துக் காட்ட வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

பெங்களூருவில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒரு புகைப்படக் கலைஞர் இருக்கிறார் எனக் கொள்வோம். சிக்கமகளூருவைச் சேர்ந்த காபித்தூள் நிறுவனம் ஒன்று, காபிப் பூக்கள் மலர்ந்திருக்கும் தோட்டத்தையும் தன் தயாரிப்புகளையும் படமெடுக்க அவரை அழைக்கிறது. கோடை மழை பெய்து சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் காபிப் பூ மலரும். சில நாட்களே நிலைக்கும். ஆகவே கலைஞர் மார்ச் மாதத்தின் பிற்பாதியில் வேறு பணி எதையும் ஏற்காமல் காத்திருக்க வேண்டும். முன்பணம் கேட்பதற்கான காரணம் இதுவே.

இரு தரப்பினரும் ஒப்புக்கொண்ட தொகைகள் இவை: இரண்டு நாள் படப்பிடிப்புக் கட்டணம் ரூ.50,000, பயன்பாட்டு உரிமக் கட்டணம் ரூ.40,000, பயணச் செலவு ரூ.20,000. முன்பணம் ரூ.25,000. இது தனிக் கட்டணம் அன்று. மொத்தத் தொகையில் கழிக்கப்பட வேண்டியது.

முன்பணம்

சேவைகளைப் பொறுத்தவரை, இன்வாய்ஸ் எழுதும் நாள், பணம் பெறும் நாள் ஆகியவற்றுள் எது முந்தியதோ அந்நாளில் ஜி.எஸ்.டி. செலுத்தும் பொறுப்பு பிறக்கிறது. எனவே பிப்ரவரி 10 அன்று முன்பணம் பெற்றால், பணி மார்ச்சில் நடந்தாலும், அத்தொகைக்கான வரியைப் பிப்ரவரி மாதக் கணக்கிலேயே காட்ட வேண்டும். புகைப்படச் சேவைக்கான வரி 18 விழுக்காடு. ஆகவே ரூ.25,000-உடன் ரூ.4,500 வரி சேர்த்து ரூ.29,500 பெறப்படுகிறது. இதற்கு இன்வாய்ஸ் அன்று, ரிசீப்ட் வவுச்சர் எனப்படும் முன்பண ரசீதே வழங்கப்பட வேண்டும். அதற்கெனத் தனி வரிசை எண்ணும் தேதியும் இருத்தல் வேண்டும்.

பணி கைவிடப்பட்டால் முன்பணம் என்னவாகும் என்பதைப் பதிவின்போதே எழுதிக்கொள்வது அவசியம். ‘எந்நிலையிலும் திருப்பித் தரப்படாது’ என்று எழுதிவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. ஆகவே படிநிலையாக எழுதுவது நல்லது. சான்றாக, முப்பது நாட்களுக்கு முன் கைவிட்டால் முழுத் தொகையும் திரும்பும். பதினைந்து நாட்களுக்கு முன் என்றால் பாதி. அதற்குப் பின் இல்லை. மழை தவறியதால் தேதி மாறினால் முன்பணம் புதிய தேதிக்குச் செல்லும். பணி நடவாமல் பணம் திருப்பித் தரப்படுமானால், ரீஃபண்ட் வவுச்சர் ஒன்றை எழுதி, வரியையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும்.

பயன்பாட்டு உரிமக் கட்டணம்

மூன்றனுள் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. படம் எடுத்தவருக்கே பதிப்புரிமை உரியது என்பது பொதுவான எண்ணம். ஆனால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் பணம் கொடுத்துத் தம் வேண்டுகோளின்பேரில் புகைப்படம் எடுக்கச் செய்தால், மாறான உடன்படிக்கை இல்லாதவரை, பணம் கொடுத்தவரே அதன் முதல் உரிமையாளர் ஆவார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். படப்பிடிப்பு முடிந்த பின் கலைஞர் தம் இன்வாய்ஸில் ‘உரிமக் கட்டணம் ரூ.40,000’ என ஒரு வரி சேர்க்கிறார். முன்னதாக எழுத்து வடிவில் உடன்படிக்கை எதுவும் இல்லையெனில், நிறுவனம் ‘எங்களுக்கே சொந்தமான படத்திற்கு உரிமம் எதற்கு?’ என்று கேட்கலாம். சட்டமும் அக்கேள்விக்கு இடமளிக்கிறது. எனவே பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும், நிறுவனத்திற்குப் பயன்படுத்தும் உரிமம் மட்டும் வழங்கப்படும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். இன்வாய்ஸ் அந்த உடன்படிக்கையின் தேதியைச் சுட்டினால் போதும். உடன்படிக்கையின் வேலையை இன்வாய்ஸ் செய்ய இயலாது.

உரிமத்தின் எல்லையையும் அளந்து எழுத வேண்டும். காலம் குறிப்பிடாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிடில் இந்தியா முழுமையும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நம் எடுத்துக்காட்டில் உரிமம் இவ்வாறு எழுதப்படுகிறது: ‘20 படங்கள்; நிறுவனத்தின் இணையதளம், சமூக ஊடகப் பக்கங்கள், காபித்தூள் உறை ஆகியவற்றில் மட்டும்; இந்தியாவுக்குள்; முதல் பயன்பாட்டு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்; பிறருக்கு மாற்றித் தரும் உரிமை இல்லை.’ ஓராண்டுக்குப் பின் அதே படத்தை நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் வைக்க நிறுவனம் விரும்பினால், அது இந்த வரிக்குள் அடங்காது என்பது இரு தரப்பினருக்கும் ஐயமின்றித் தெரியும். கூடுதல் உரிமத்திற்குத் தனி இன்வாய்ஸ் எழுதப்படும். படப்பிடிப்புக் கட்டணம் மீண்டும் எழாது. இரண்டும் ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தால், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்றே தெரியாமல் பேரம் தொடங்கும்.

பயணச் செலவு

‘போக்குவரத்து, இதர செலவு’ என்று மொத்தமாக எழுதுவதைவிட, அலகும் விலையும் காட்டுவது நம்பிக்கை தரும். நம் கணக்கில் கார் 500 கி.மீ., கி.மீ. ஒன்றுக்கு ரூ.14 வீதம் ரூ.7,000, தங்கும் விடுதி இரண்டு அறைகள், இரண்டு இரவுகள், அறைக்கு ரூ.2,500 வீதம் ரூ.10,000, கலைஞருக்கும் உதவியாளருக்கும் மூன்று நாள் உணவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ரூ.500 வீதம் ரூ.3,000. ஆக ரூ.20,000.

இத்தொகைக்கு ஏன் வரி என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. கலைஞர் தம் சேவையை நிறைவேற்றுவதற்காகச் செய்யும் செலவு, அவர் வசூலிக்கும்போது அச்சேவையின் மதிப்பிலேயே சேர்கிறது. ஆகவே அதற்கும் 18 விழுக்காடு உண்டு. வாடிக்கையாளரின் அனுமதியுடன், அவர் பொருட்டு, வேறொருவரிடம் பெறும் சேவைக்குப் பணம் செலுத்தி, அதே தொகையை ஒரு ரூபாயும் கூட்டாமல் தனியே காட்டி வசூலிக்கும் ‘ப்யூர் ஏஜென்ட்’ முறைக்கு மட்டுமே விலக்கு உண்டு. கலைஞர் தாம் தங்கும் அறைக்குத் தம் பெயரில் பில் வாங்கினால் அது இம்முறையில் அடங்காது. நிறுவனமே விடுதிக்கு நேரடியாகப் பணம் செலுத்துவது எளிய வழி. அப்போது அத்தொகை கலைஞரின் இன்வாய்ஸில் வரவே வராது.

முழுக் கணக்கு

மார்ச் 24, 25 தேதிகளில் பணி முடிகிறது. முப்பது நாட்களுக்குள் இன்வாய்ஸ் எழுத வேண்டும்; கலைஞர் ஏப்ரல் 2 அன்று எழுதுகிறார். வரிசை எண், தேதி, இரு தரப்பினரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், சேவைக் குறியீடு ஆகியவற்றுக்குக் கீழே தொகைகள் இவ்வாறு அமைகின்றன:

படப்பிடிப்புக் கட்டணம், 2 நாட்கள் × ரூ.25,000: ரூ.50,000
பயன்பாட்டு உரிமக் கட்டணம், உடன்படிக்கையின்படி: ரூ.40,000
பயணச் செலவு, விவரம் இணைப்பில்: ரூ.20,000
வரிக்குரிய மதிப்பு: ரூ.1,10,000
மத்திய ஜி.எஸ்.டி. 9%: ரூ.9,900
மாநில ஜி.எஸ்.டி. 9%: ரூ.9,900
மொத்தம்: ரூ.1,29,800
கழிக்க: முன்பணம், வரி ரூ.4,500 உட்பட, 10 பிப்ரவரி ரசீதின்படி: ரூ.29,500
செலுத்த வேண்டிய மீதம்: ரூ.1,00,300

இருவரும் கர்நாடகத்தினர் என்பதால் வரி இரண்டாகப் பிரிகிறது. நிறுவனம் வேறு மாநிலத்தில் பதிவு பெற்றிருந்தால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என ஒரே வரியாக இருக்கும்.

முன்பணத்தைக் கழிக்கும் இடம் முக்கியமானது. சிலர் வரிக்கு முன்பே ரூ.29,500-ஐக் கழித்துவிடுகின்றனர். அப்போது ரூ.80,500-க்கு வரி ரூ.14,490 கணக்கிடப்பட்டு, மீதம் ரூ.94,990 என்று வரும். கலைஞருக்கு ரூ.5,310 குறைகிறது. முன்பணத்துடன் பெற்ற வரி ரூ.4,500 கட்டணமாகக் கருதப்பட்டுவிட்டதும், அதன் மீதான வரி ரூ.810 விடுபட்டதுமே இதற்குக் காரணம். சரிபார்க்க எளிய வழி உண்டு: முன்பண ரசீதின் வரியையும், மீதத்தில் அடங்கிய வரியையும் கூட்டினால் மொத்த வரி வர வேண்டும். இங்கு 4,500-உடன் 15,300 சேர்ந்து 19,800 ஆகிறது.

வருமான வரி பிடித்தம் செய்யும் கடமை நிறுவனத்திற்கு இருப்பின், ஜி.எஸ்.டி. தனியே காட்டப்பட்ட இன்வாய்ஸில் வரி நீங்கிய மதிப்பின் மீது மட்டுமே பிடித்தம் செய்ய வேண்டும். இதை 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் சுற்றறிக்கையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தெளிவுபடுத்தியுள்ளது. முன்பணம் செலுத்தும்போதும் பிடித்தம் உண்டு. அதனால் வங்கிக் கணக்கில் வரவாகும் தொகை இன்வாய்ஸ் தொகையைவிடக் குறைவாக இருக்கும். அந்த வேறுபாடு படிவம் 26ஏஎஸ்-இல் தெரிய வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு பெறாத கலைஞர் தம் பில்லில் வரி என்று எதையும் வசூலிக்கக் கூடாது. சேவை வழங்குவோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வருவாய் ரூ.20 லட்சம் கடக்கும் வரை பதிவு கட்டாயமில்லை. அத்தகையவரின் பில்லிலும் மேற்கண்ட மூன்று வரிகள் அப்படியே இருக்கலாம். வரிக்கான இரு வரிகள் மட்டும் இரா. ஜி.எஸ்.டி. எண் இல்லாத பில்லில் வரித் தொகை காணப்பட்டால், பணம் செலுத்துமுன் விளக்கம் கேளுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கூறுவது இதுவே: முன்பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள் அல்லது பெறுங்கள், பரிமாற்றக் குறிப்பில் முன்பண ரசீதின் எண்ணை எழுதுங்கள், இறுதி இன்வாய்ஸிலும் அதே எண்ணைச் சுட்டுங்கள். பிப்ரவரியில் வந்த தொகையும் ஏப்ரலில் வந்த தொகையும் இரு நிதியாண்டுகளில் விழுந்தாலும், அவை ஒரே பணிக்குரியவை என்பதைக் கணக்கு அறிக்கையும் இன்வாய்ஸும் சேர்ந்து காட்டிவிடும். கடன் விண்ணப்பத்தின்போது உங்கள் வருவாயை மதிப்பிடும் அலுவலரும் இவ்விரண்டையும் அருகருகே வைத்தே பார்ப்பார்.