துடிப்பு எகிறுது... தண்ணி குடிச்சியா மச்சி?

ஏப்ரல் மாசம், காலை ஆறு மணி. சென்னையில இன்னும் வெயில் வரலை. ஆனா காத்துல இருந்த ஈரத்துக்கு, சும்மா நின்னாலே சட்டை முதுகுல ஒட்டிக்குது. காலேஜ் கிரவுண்டுல என் ரூம்மேட் இருபத்தியிரண்டாவது ரவுண்டை முடிச்சிட்டு வந்து நின்னான். முகம் தக்காளி கலர். நாலு நாளா ஒரே வேகத்துல ஓடுறவன்தான். அன்னிக்கு மட்டும் கடைசி நாலு ரவுண்டு, ‘யாரோ முதுகுல மூட்டை ஏத்திவிட்ட மாதிரி இருந்துச்சு’ன்னு புலம்பினான்.

பக்கத்துல நின்ன பி.டி. சார் கேட்டது ஒரே கேள்வி: “நடுவுல தண்ணி குடிச்சியாடா?”

“தாகமே எடுக்கலை சார்.”

“உன் தாகத்தை விடு. கழுத்துல கை வச்சு துடிப்பை எண்ணு. முதல் ரவுண்டுகள்ல இருந்ததைவிட எவ்வளவு ஏறியிருக்குன்னு பாரு.”

இப்படித்தான் ஆரம்பிச்சது எங்களோட ஒரு வார ஆராய்ச்சி. இன்டர் காலேஜ் போட்டிக்கு ஓடுறது அவன். ஸ்டாப் வாட்சும் நோட்டுமா மரத்தடியில உட்கார்ந்தது நான். வேலை பிரிப்பு நியாயமாத்தான் இருந்துச்சு!

முதல்ல, தண்ணிக்கும் துடிப்புக்கும் என்ன சம்பந்தம்? மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரே வரியில புரியும்: இதயம் ஒரு பம்ப். ஒரு அடிக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுது, நிமிஷத்துக்கு எத்தனை அடி அடிக்குது... ரெண்டையும் பெருக்கினா மொத்த சப்ளை. ஓடும்போது ஒருத்தனுக்கு நிமிஷத்துக்கு 15 லிட்டர் தேவைன்னு வச்சுக்குவோம். ஒரு அடிக்கு 100 மில்லி தள்ளினா, 150 அடியில கணக்கு நேராயிடும்.

இப்போ வியர்வை ஆறா ஓடுது. அந்தத் தண்ணியில ஒரு பங்கு ரத்தத்துலேர்ந்துதான் போகுது. ரத்தத்தோட அளவு குறையுது. இன்னொரு பக்கம், உடம்பைக் குளிர வைக்கிறதுக்காகத் தோலுக்கும் நிறைய ரத்தம் திருப்பிவிடப்படுது. ஆக, இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறைஞ்சு, அது முழுசா நிரம்பாமலே அடுத்த அடி அடிக்க வேண்டியிருக்கு. 100 மில்லி 94 மில்லியா இறங்கிட்டா? அதே 15 லிட்டரைத் தள்ள 160 அடி வேணும். காலோட வேகம் மாறலை. துடிப்பு மட்டும் பத்து ஏறிடுச்சு. இந்த ஏற்றத்துக்கு ‘கார்டியாக் டிரிஃப்ட்’னு பேரு.

இதை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல மான்டெய்ன், காய்ல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சு, 1992-ல கட்டுரையா எழுதினாங்க. சைக்கிள் வீரர்களை 33 டிகிரி வெப்பத்துல ரெண்டு மணி நேரம் மிதிக்க வச்சு, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு பானம் கொடுத்துப் பார்த்தாங்க. தண்ணி இழப்பு எந்த அளவு கூடுச்சோ, அந்த அளவு துடிப்பும் ஏறுச்சு. உடம்பு எடையில ஒரு சதவிகிதம் வியர்வையாப் போனா, தோராயமா மூணுலேர்ந்து அஞ்சு துடிப்பு ஏறும்ங்கிறது இன்னிக்குப் பொதுவாச் சொல்லப்படுற கணக்கு. 68 கிலோ ஆசாமிக்கு ஒரு சதவிகிதம்னா கிட்டத்தட்ட 700 மில்லி. சாதாரண வாட்டர் பாட்டில் ஒண்ணுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி!

‘அட, சூப்பர்! துடிப்பை எண்ணினா தண்ணிக் கணக்கு தெரிஞ்சிடுமே’ன்னு குதிச்சோம். குதிச்ச வேகத்துல விழுந்தோம்.

எல்லாரும் எப்படி எண்ணுவோம்? பத்து விநாடி எண்ணி ஆறால பெருக்குவோம். அதுல ஒரே ஒரு துடிப்பு விட்டுப்போனாலும் விடையில ஆறு குறைஞ்சிடும். நாம தேடுறதே மூணு, அஞ்சுன்னு சின்ன வித்தியாசத்தை. அளவுகோலோட தப்பு, அளக்கற பொருளைவிடப் பெருசு! சரி, ஒரு நிமிஷம் முழுசா எண்ணலாமேன்னா, நின்ன உடனே துடிப்பு சரசரன்னு இறங்க ஆரம்பிச்சிடும். நிமிஷம் முடியறதுக்குள்ள அது வேற நம்பராகிடும்.

அப்பதான் லேப்ல பெண்டுலம் அளந்த ஞாபகம் வந்துச்சு. நேரத்தை நிறுத்தி ஆட்டத்தை எண்ணாம, ஆட்டத்தை நிறுத்தி நேரத்தை அளக்கறது. முப்பது துடிப்புக்கு எத்தனை விநாடி ஆகுதுன்னு ஸ்டாப் வாட்சுல பாருங்க. 1800-ஐ அந்த விநாடியால வகுத்தா நிமிஷத் துடிப்பு கிடைச்சிடும். 12 விநாடின்னா 150. 11.5 விநாடின்னா 157. பட்டனை அழுத்தறதுல 0.2 விநாடி பிசகினாலும் தப்பு மூணுக்குள்ள அடங்கிடும்.

ஒரு எச்சரிக்கை பாஸ். வாட்சை ஆன் பண்ற அந்த முதல் துடிப்பை ‘பூஜ்யம்’னு எண்ணணும். ‘ஒண்ணு’ன்னு ஆரம்பிச்சா இருபத்தொன்பது இடைவெளியைத்தான் அளந்திருப்பீங்க, 150 துடிப்பு 155-ஆத் தெரியும். முதல் ரெண்டு நாள் நான் பண்ணின காமெடி இதுதான். ‘டேய், உனக்குத் தண்ணியே இல்லடா’ன்னு அவனைப் பிடிச்சு ஒரு பாட்டில் குடிக்க வச்சேன், பாவம்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, குரல்வளைக்குப் பக்கவாட்டுல லேசா வச்சா போதும். அழுத்தக் கூடாது, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வைக்கவே கூடாது. கட்டைவிரல் வேண்டாம், அதோட துடிப்பே குழப்பும். நின்ன அஞ்சு விநாடிக்குள்ள எண்ண ஆரம்பிச்சிடணும். அதுக்குள்ளயும் துடிப்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனா ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி செஞ்சா, ஒப்பிடறதுக்குப் பாதகமில்லை. கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டினவங்க ரொம்ப சிரிக்காதீங்க. ஓடும்போது அது சில சமயம் துடிப்பை விட்டுட்டு உங்க காலடியை எண்ணிக்கிட்டு இருக்கும். மார்புல கட்டற பட்டைதான் நம்பகம்.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம். ரெண்டு நாள், ரெண்டும் காலை ஆறு மணி. ஒரு ரவுண்டு 2 நிமிஷம் 40 விநாடிங்கற ஒரே வேகம், ஒரு மணி நேரம். இருபதாவது நிமிஷம் ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை துடிப்பு. உடம்பு சூடேறி துடிப்பு ஒரு நிலைக்கு வர அந்த இருபது நிமிஷம் தேவை.

முதல் நாள் தண்ணி கிடையாது. இருபதாவது நிமிஷத்துல முப்பது துடிப்புக்கு 12 விநாடி, அதாவது 150. முடிவுல 11 விநாடி, அதாவது 164. ஏற்றம் 14.

ரெண்டாவது நாள் கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி வீதம் மூணு தடவை. 149-ல ஆரம்பிச்சு 157-ல முடிஞ்சது. ஏற்றம் 8.

கவனிங்க, தண்ணி குடிச்ச நாளும் எட்டு ஏறியிருக்கு. உடம்பு சூடேறினாலே துடிப்பு ஏறும். அதனால 14-ஐயும் அப்படியே தண்ணி கணக்குல எழுத முடியாது. ரெண்டு நாளுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஆறுதான் தண்ணியோட பங்கு.

அதைச் சரிபார்க்க எடை வேணும். ரயில்வே ஸ்டேஷன்ல சீட்டு தர்ற மிஷின் கதைக்கு ஆகாது. மெஸ் ஸ்டோர்ல அரிசி நிறுக்கற எலெக்ட்ரானிக் தராசுல, மெஸ் அண்ணன்கிட்ட கெஞ்சி ஏறி நின்னான். பாத்ரூம் போயிட்டு வந்து, வெறும் ஷார்ட்ஸோட ஒரு தடவை. ஓடி முடிச்சு, உடம்பைத் துடைச்சு, காய்ஞ்ச ஷார்ட்ஸ் மாத்திக்கிட்டு ஒரு தடவை. (வியர்வையில ஊறின துணியோட ஏறினா, போன தண்ணியும் சேர்ந்தே தராசுல நிக்கும்!) முதல் நாள் 68.4-லேர்ந்து 67.2. இழப்பு 1.2 கிலோ. தண்ணி குடிச்ச நாள் 600 கிராம்தான். வித்தியாசம் 600 கிராம். அவன் எடையில ஒரு சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. மூணு முதல் அஞ்சு வரணும், எங்களுக்கு வந்தது ஆறு. அடுத்த வாரம் ரெண்டு நாளும் திரும்ப ஓடினோம், வித்தியாசம் நாலு வந்துச்சு. ஸ்டாப் வாட்ச் விரலுக்கு இது போதும்.

எங்களை நல்லா ஏமாத்தினது அதுக்கப்புறம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை. இருபதாவது நிமிஷத்துலயே துடிப்பு 158! ‘தண்ணி பத்தலை’ன்னு நான் பாட்டிலோட ஓடினேன். பி.டி. சார் தடுத்துட்டு, “ராத்திரி எப்படா தூங்கினே?”ன்னார். ரெக்கார்டு நோட்டு எழுதி மூணு மணிக்குப் படுத்து, எழுந்ததும் ரெண்டு கிளாஸ் காபி அடிச்சிட்டு வந்திருக்கான். தராசுல எடை வழக்கம்போல 68.5. துடிப்பு ஆரம்பத்துலயே உயரமா இருந்தா தூக்கம், காபி, காய்ச்சல், பதற்றம்னு சந்தேகப்பட ஆள் நிறைய. சாதாரணமா ஆரம்பிச்சு, அதே வேகத்துல போகப்போக வழக்கத்தைவிட அதிகமா ஏறினாத்தான் தண்ணி மேல கை நீட்டலாம். அதுவும் அதே நேரம், அதே மாதிரி வெயில்ல ஓடின நாளோட ஒப்பிட்டுத்தான். ஏப்ரல் துடிப்பை டிசம்பர் துடிப்போட ஒப்பிட்டா, வெயிலைத்தான் அளந்துக்கிட்டிருப்பீங்க.

துடிப்பு ஏறுதேன்னு லிட்டர் லிட்டரா ஊத்திக்கிறதும் வம்பு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ரத்த மாதிரி கொடுத்த 488 பேரைப் பரிசோதிச்சப்போ, 13 சதவிகிதம் பேருக்கு ரத்தத்துல சோடியம் குறைவா இருந்துச்சு. ஓடினப்போ எடை கூடினவங்களுக்குத்தான் அந்த அபாயம் அதிகம், அதாவது வியர்த்ததைவிட அதிகமாக் குடிச்சவங்களுக்கு. அதனாலதான் சார் தராசை விடச் சொல்லலை. ஓடி முடிச்சு எடை ஏறியிருந்தா, துடிப்பு என்ன சொன்னாலும் டம்ளரைக் கீழே வச்சிடணும். தலை சுத்தி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினா துடிப்பை எண்ணிக்கிட்டு நிக்காம நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பைக் குளிர வச்சு, டாக்டருக்கு ஆள் அனுப்பணும்.

என் ரூம்மேட் இப்போ கால் மணிக்கு ஒரு டம்ளர்னு பழகிட்டான். கடைசி நாலு ரவுண்டுல மூட்டை ஏத்தின ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மெஸ் அண்ணன்தான் இன்னும் கடுப்புல இருக்கார். தராசு மேல அரிசி மூட்டையை வைக்கிறதுக்கு முன்னாடி, தினமும் ஒரு தடவை ஈரத்துணியால துடைக்கிறாராம்.